கவரில் வரும் கூலிக்குச் சாட்சி இல்லை

(திருப்பூர் பனியன் தொழிலாளர் பொதுக்கூட்டத்தில் ஆற்றிய உரை)



நான் இன்றைக்கு ஒரே ஒரு கோரிக்கையைப் பற்றித்தான் பேசப்போகிறேன். நம்முடைய கூலி முழுவதும், கம்பெனியின் கணக்கிலிருந்து நேரே, அவரவர் பெயரில் இருக்கும் வங்கிக் கணக்குக்கு வர வேண்டும். "கூலி உயர்வு கேட்க வேண்டிய நேரத்தில் இதைப் போய்ப் பேசுகிறாயே" என்று நம் சங்கத்துக்குள்ளேயே சில தோழர்கள் கோபித்துக்கொண்டார்கள். அவர்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். போராடி வாங்கிய உயர்வு உங்கள் கைக்கு வந்ததா இல்லையா என்று நாளைக்கு நிரூபிக்க உங்களிடம் ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை. நிரூபிக்க முடியாத உயர்வை அடுத்த மாதமே சத்தமில்லாமல் திருப்பி எடுத்துக்கொள்வார்கள். எடுத்தும் இருக்கிறார்கள்.

சனிக்கிழமை ராத்திரி சம்பளம் போடுவதை நீங்கள் எல்லோரும் பார்த்திருக்கிறீர்கள். மேஜைக்குப் பின்னால் மேனேஜர் உட்கார்ந்திருப்பார். பக்கத்தில் கான்ட்ராக்டர் நிற்பார். பெயரைக் கூப்பிட்டதும் போய் நிற்கிறோம். ஒரு பழுப்புக் கவர் வருகிறது. கூடவே ஒரு நோட்டு வருகிறது. ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டிய இடத்தைக் காட்டி, "இங்கே போடு" என்கிறார்கள். போடுகிறோம். எந்தத் தொகைக்கு நேரே கையெழுத்துப் போட்டோம் என்று எத்தனை பேர் பார்த்தீர்கள்? தொகை எழுத வேண்டிய கட்டம் வெறுமையாக இருந்ததைக் கண்டும் போட்டவர்கள் எத்தனை பேர்? பென்சிலில் எழுதியிருந்ததைக் கண்டும் போட்டவர்கள் எத்தனை பேர்? பின்னால் நாற்பது பேர் வரிசையில் நிற்கிறார்கள், கடைசி பஸ் போய்விடும், வீட்டில் குழந்தை காத்திருக்கிறது. அந்த அவசரத்தில் யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள் என்பது மேஜைக்குப் பின்னால் இருப்பவருக்கு நன்றாகத் தெரியும்.

அந்தக் கையெழுத்து என்ன ஆகும் என்று சொல்கிறேன். நம் சங்கத்துக்கு வந்த ஒரு வழக்கு. பெயர் வேண்டாம். ஜாப் ஒர்க் எடுத்துத் தைக்கும் ஒரு சின்ன யூனிட். பவர்டேபிளில் ஏழு பேர், செக்கிங்கில் இரண்டு பெண்கள். "பார்ட்டியிடமிருந்து பணம் வரவில்லை, அடுத்த வாரம் சேர்த்துத் தருகிறேன்" என்று முதலாளி நான்கு வாரம் இழுத்தார். ஐந்தாவது வாரம் திங்கட்கிழமை காலையில் வந்து பார்த்தால் ஷட்டர் பூட்டிக் கிடக்கிறது, மெஷின்கள் ராத்திரியோடு ராத்திரியாக வேறு இடத்துக்குப் போய்விட்டன. தொழிலாளர் துறை அதிகாரியிடம் மனு கொடுத்தோம். முதலாளி அமைதியாக வந்து சம்பள ரிஜிஸ்டரை மேஜையில் வைத்தார். நான்கு வாரத்துக்கும் கையெழுத்து இருக்கிறது! முன்கூட்டியே வெற்றுத் தாளில் வாங்கி வைத்த கையெழுத்து. ஒன்பது பேரும், "ஐயா, எங்களுக்கு வரவில்லை" என்று சொல்கிறார்கள். அதிகாரி நல்லவர்தான். ஆனால் அவர் முன்னால் ஒரு பக்கம் வாய்வார்த்தை, மறுபக்கம் கையெழுத்துப் போட்ட ரிஜிஸ்டர். அவர் எதை எடுத்துக்கொள்வார்?

அதே ஒன்பது பேருக்கும் அதுவரை வாரக்கூலி வங்கி வழியாக வந்திருந்தால் கதையே வேறு. வாராவாரம் சனிக்கிழமை வரவு விழுந்திருக்கிறது, கடைசி நான்கு சனிக்கிழமை மட்டும் வரவு இல்லை. அந்தப் பாஸ்புக் பக்கத்தை முதலாளி எழுதவில்லை, நாமும் எழுதவில்லை. இரண்டு பக்கமும் சாராத மூன்றாவது ஆள், வங்கி, எழுதியிருக்கிறது. வங்கி மேலாளர் சான்று போட்டுக் கொடுக்கும் கணக்கு நகலைக் கோர்ட் சாட்சியமாக ஏற்றுக்கொள்ள வேண்டும் என்று 1891-லேயே வங்கிப் புத்தகச் சாட்சியச் சட்டம் போட்டுவிட்டார்கள். ரொக்கமாகத் தருபவன், தராத கூலியையும் தந்ததாக எழுதிக்கொள்ள முடியும். வங்கி வழியாகத் தருபவனால் அது முடியாது. என் பேச்சு முழுவதும் இந்த ஒரு வித்தியாசத்தின் மேல்தான் நிற்கிறது.

ஒரு தோழர் என்னிடம் சட்டம் பேசினார். "கூலியைப் பணமாகவே தர வேண்டும் என்றுதானே 1936-ஆம் வருடச் சட்டம் சொன்னது? நம் முன்னோர் போராடி வாங்கிய உரிமையை நீயே விட்டுக்கொடுக்கச் சொல்கிறாயா?" என்றார். நல்ல கேள்வி. கூலி கொடுப்புச் சட்டம் 1936-ல் வந்தபோது, கூலியை நாணயமாகவோ நோட்டாகவோதான் தர வேண்டும் என்று சொன்னது உண்மை. எதற்காகச் சொன்னது? கூலிக்குப் பதிலாக அரிசியையும் துணியையும் முதலாளி வைத்த விலைக்குத் தலையில் கட்டிவிடக் கூடாது என்பதற்காக. தொழிலாளியின் கூலி இன்னொருவன் கை வழியாகப் போய்க் கரைந்துவிடக் கூடாது என்பதற்காக. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போன நம் மக்களைக் கேளுங்கள். கங்காணி முன்பணம் கொடுப்பார், கங்காணி கடன் கணக்கு எழுதுவார், அந்தக் கடன் எவ்வளவு என்று எழுதிய துண்டு இல்லாமல் ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்துக்குப் போக முடியாது. 1921-ல் சட்டம் போட்டுத்தான் அந்தத் துண்டு முறையை ஒழித்தார்கள். அந்தக் காலத்தில் ரொக்கம் தொழிலாளியைக் காத்தது. இன்றைக்கு அதே ரொக்கத்துக்குள்தான் திருட்டு ஒளிந்துகொண்டிருக்கிறது. மேஜைக்குப் பக்கத்தில் நிற்கும் கான்ட்ராக்டர் அன்றைய கங்காணி செய்த வேலையைத்தான் செய்கிறார். சட்டத்தின் நோக்கம் மாறவில்லை, நோக்கத்தை நிறைவேற்றும் வழி மாற வேண்டியிருக்கிறது. அதனால்தான் 2017-ல் அதே சட்டத்தைத் திருத்தி, தொழிலாளி தனியாக எழுதிக் கொடுக்காமலேயே வங்கிக் கணக்கில் கூலி போடலாம் என்று கொண்டுவந்தார்கள்.

இப்போது மிகப் பெரிய மோசடிக்கு வருகிறேன். "எங்கள் கம்பெனியில் பேங்கில்தான் சம்பளம்" என்று சிலர் பெருமையாகச் சொல்கிறீர்கள். எவ்வளவு பேங்கில், எவ்வளவு கையில்? பாதி பேங்க், பாதி கை! இதுதான் இந்த ஊரில் நடப்பது. இதன் கணக்கை நிதானமாகப் போட்டுப் பார்ப்போம்.

ஓவர்லாக் அடிக்கும் ஒரு தங்கை. எட்டு மணி நேர ஷிப்டுக்கு அவளுக்கு 550 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஆறு நாளைக்கு 3,300. ஆனால் கம்பெனிக் கணக்கில் அவள் கூலி நாளுக்கு 400 என்றுதான் இருக்கிறது. ஆகவே 2,400 வங்கிக்குப் போகிறது, 900 கவரில் வருகிறது. இஎஸ்ஐ பிடித்தம் தொழிலாளிக்கு நூற்றுக்கு முக்கால் ரூபாய். 2,400-க்கு 18 ரூபாய். 3,300-க்கு என்றால் 24 ரூபாய் 75 காசு. தங்கைக்கு வாரத்துக்கு ஆறே முக்கால் ரூபாய் மிச்சம். "உனக்குத்தாம்மா லாபம், பிடித்தம் குறையும்" என்று மேனேஜர் சொல்கிறார். அவளும் சந்தோஷப்படுகிறாள். பிஎஃப் பிடித்தமும் குறைகிறது, கையில் கொஞ்சம் கூடுதலாக நிற்கிறது.

அடுத்த வருடம் அவளுக்குப் பிரசவம். இஎஸ்ஐ விதிப்படி 26 வாரம், அதாவது 182 நாள், அவளுடைய சராசரி நாள் கூலி முழுவதும் மகப்பேறு உதவியாகக் கிடைக்கும். முதல் இரண்டு குழந்தைகளுக்கு இது உரிமை. ஆனால் எந்தக் கூலி? கணக்கில் காட்டிய கூலி! நாளுக்கு 400 வீதம் 182 நாளைக்கு 72,800 ரூபாய். உண்மைக் கூலி 550-ஐக் காட்டியிருந்தால் 1,00,100 ரூபாய். வித்தியாசம் 27,300 ரூபாய். வாரம் ஆறே முக்கால் ரூபாயை மிச்சம் பிடித்துக் கொடுத்து, பிள்ளை பெற்றுப் படுத்திருக்கிற நேரத்தில் 27,300 ரூபாயைப் பிடுங்கிக்கொண்டார்கள் தாய்மார்களே!

கம்பெனிக்கு இதில் என்ன லாபம் என்றும் பார்த்துவிடுவோம். கவரில் போன 900 ரூபாய்க்கு முதலாளி கட்ட வேண்டிய இஎஸ்ஐ நூற்றுக்கு மூன்றேகால் வீதம் 29 ரூபாய் 25 காசு. பிஎஃப் நூற்றுக்குப் பன்னிரண்டு வீதம் 108 ரூபாய். ஆக ஒரு தொழிலாளிக்கு வாரம் 137 ரூபாய் 25 காசு அவருக்கு மிச்சம். இருநூறு பேர் வேலை செய்யும் கம்பெனியில் வாரம் 27,450 ரூபாய். ஒரு தாயின் பிரசவத்தில் பறிபோன தொகையைவிட இது அதிகம், அதுவும் ஒவ்வொரு வாரமும். பிஎஃப்பில் உங்கள் பங்காகப் பிடிக்கும் 108 ரூபாயும் முதலாளி பங்காக வர வேண்டிய 108 ரூபாயும் உங்கள் பெயரில் சேர வேண்டிய பணம். முதலாளி பங்கில் பெரும்பகுதி ஓய்வூதிய நிதிக்குப் போகிறது. "பிடித்தம்" என்று சொன்னதும் நாம் பயப்படுகிறோம். அது யாரிடம் போகிறது என்று கேட்பதே இல்லை.

ஆகையால் நம் கோரிக்கை "பேங்கில் சம்பளம்" அல்ல. முழுச் சம்பளமும் பேங்கில். ஓவர்டைம் உட்பட. இந்த ஓவர்டைமைப் பற்றி ஒரு வார்த்தை. பன்னிரண்டு மணி நேரம் உழைத்தால் ஒன்றரை ஷிப்ட் என்று கணக்குப் போட்டு ஒன்றரைக் கூலி தருவது இந்த ஊர்ப் பழக்கம். வாரத்தில் 48 மணி நேரத்துக்கு மேல், அதாவது ஆறு நாள் ஷிப்டுக்கு மேல், உழைக்கும் ஒவ்வொரு மணிக்கும் இரண்டு மடங்கு என்பது தொழிற்சாலைச் சட்டம் வந்த 1948 முதல் இருக்கும் விதி. அந்தத் தங்கைக்கு நான்கு மணி நேர ஓவர்டைமுக்கு 275 தருகிறார்கள், தர வேண்டியது 550. இந்தப் பாதிக் கூலி இத்தனை காலமாக எப்படித் தப்பிக்கிறது? கவருக்குள் போவதால் தப்பிக்கிறது. ஓவர்டைம் பணம் வங்கிக் கணக்கில் தனி வரவாக விழுந்தால், எத்தனை மணிக்கு எவ்வளவு தந்தார்கள் என்று இன்ஸ்பெக்டர் ஐந்து நிமிஷத்தில் வகுத்துப் பார்த்துவிடுவார்.

இளைஞர்கள் ஒரு பதில் வைத்திருக்கிறார்கள். "அண்ணே, எங்களுக்குக் கவர் எல்லாம் இல்லை. சூப்பர்வைசர் ஜிபே போட்டுவிடுகிறார்." தம்பி, கொஞ்சம் கவனமாகக் கேள். சூப்பர்வைசரின் சொந்த நம்பரிலிருந்து வரும் பணம் சம்பளம் அல்ல. உன் பாஸ்புக்கில் என்ன விழுகிறது? ஒரு தனி மனிதரின் பெயர் விழுகிறது. கம்பெனியின் பெயர் எங்கேயும் இல்லை. நாளைக்கு வழக்கு என்று வந்தால், "இந்தப் பையன் எங்களிடம் வேலையே செய்யவில்லை. சூப்பர்வைசர் அவனுக்குக் கைமாற்றுக் கொடுத்திருப்பார்" என்று கம்பெனி கையை விரித்துவிடும். கவரில் வாங்கியதற்கும் இதற்கும் நூலளவுதான் வித்தியாசம். பாஸ்புக்கை அச்சடித்துப் பார்க்கும்போது, வரவுக்கு நேரே கம்பெனியின் பெயர் இருக்க வேண்டும். `SALARY` என்ற சொல்லும் கூடவே இருந்தால் இன்னும் நல்லது. இரண்டும் வாராவாரம் ஒரே மாதிரி வந்தால், இத்தனாம் தேதியிலிருந்து இந்தக் கம்பெனியில் நான் வேலை செய்கிறேன் என்பதற்கு அதுவே சான்று. அப்பாயின்ட்மென்ட் ஆர்டரைக் கண்ணால் பார்க்காத நமக்கு அந்தப் பாஸ்புக்தான் ஆர்டர்.

அடுத்தது, வட மாநிலச் சகோதரர்களுக்கு நடக்கும் கொடுமை. மேடையில் இதைச் சொல்லியே ஆக வேண்டும். கணக்கு அவர்கள் பெயரில்தான் இருக்கிறது. திறந்து வைத்தவர் கான்ட்ராக்டர். ஏடிஎம் கார்டு கான்ட்ராக்டரின் பையில். பின் நம்பர் கான்ட்ராக்டருக்குத் தெரியும். கணக்கோடு இணைத்த செல்போன் நம்பரும் கான்ட்ராக்டருடையதுதான். கம்பெனி சட்டப்படி முழுக் கூலியையும் போடுகிறது, கான்ட்ராக்டர் முழுவதையும் எடுத்து, "ரூம் வாடகை, சாப்பாடு, வந்த ரயில் டிக்கெட்" என்று கழித்துக்கொண்டு மிச்சத்தைக் கையில் தருகிறார். காகிதத்தில் பார்த்தால் எல்லாம் சுத்தம். இப்படிப்பட்ட வங்கிக் கணக்கு ரொக்கத்தைவிட மோசமானது, ஏனென்றால் திருடனுக்கு அது நற்சான்றிதழ் கொடுத்துவிடுகிறது.

இதைக் கண்டுபிடிக்க வழி இருக்கிறது. சம்பளம் விழுந்ததும் உங்கள் செல்போனுக்கு மெசேஜ் வருகிறதா? வரவில்லை என்றால் உங்கள் கணக்கு உங்கள் கையில் இல்லை. வங்கிக்கு நேரில் போய், ஆதார் அட்டையைக் காட்டி, செல்போன் நம்பரை மாற்றச் சொல்லி எழுதிக் கொடுங்கள். பழைய கார்டை முடக்கிவிட்டுப் புதுக் கார்டு கேளுங்கள். பின் நம்பரை நீங்களே போடுங்கள், யாரிடமும் சொல்லாதீர்கள். கார்டு உங்களிடமே இருந்தும், பணத்தை எடுத்துத் திருப்பிக் கொடுக்கச் சொல்லி மிரட்டுகிறார்களா? அதற்கும் தடம் இருக்கிறது. முப்பது பேருடைய கணக்கு நகலை அருகருகே வைத்துப் பாருங்கள். ஒரே ராத்திரி, ஒரே ஏடிஎம்மில், ஐந்து நிமிஷ இடைவெளியில் முப்பது பேரும் ஒரே மாதிரித் தொகையை எடுத்திருப்பார்கள். எந்த அதிகாரிக்கும் அதைக் கண்டதும் விஷயம் புரிந்துவிடும். ஒருவர் போய்ச் சொன்னால் அடிப்பார்கள். முப்பது பேரும் நகலோடு சங்கத்துக்கு வாருங்கள், மனு கொடுப்பது எங்கள் பொறுப்பு.

நம் ஆட்களே சொல்லும் தடைகளுக்கும் பதில் சொல்ல வேண்டும். அவர்கள் பயப்படுவதில் நியாயம் இல்லாமல் இல்லை.

"ஞாயிற்றுக்கிழமை சந்தைக்குப் போகக் கையில் காசு வேண்டாமா? பேங்க் லீவு என்றால் என்ன செய்வது?" என்கிறார்கள் தாய்மார்கள். ஒரு காலத்தில் அது சரி. 2019 டிசம்பரிலிருந்து வங்கிக்கு வங்கி பணம் அனுப்பும் நெஃப்ட் முறை இருபத்துநான்கு மணி நேரமும், லீவு நாளிலும் ஓடுகிறது. சனிக்கிழமை ராத்திரி எட்டு மணிக்கு முதலாளி பொத்தானை அழுத்தினால் அன்றைக்கே உங்கள் கணக்கில் விழும். "பேங்க் லீவு, திங்கட்கிழமை போடுகிறேன்" என்று எந்த மேனேஜராவது சொன்னால், அவர் பொய் சொல்கிறார்.

"பேங்க்காரன் பிடித்துக்கொள்வானே?" இந்தப் பயம் உண்மையானது. மினிமம் பேலன்ஸ் இல்லை என்று அபராதம் பிடித்த அனுபவம் பலருக்கு இருக்கிறது. சம்பளக் கணக்கில் மினிமம் பேலன்ஸ் கிடையாது. ஆனால் ஒன்று கவனியுங்கள். கம்பெனி மாறி, தொடர்ந்து மூன்று மாதம் சம்பளம் விழாமல் போனால், பல வங்கிகளில் அது சாதாரண சேமிப்புக் கணக்காக மாறிவிடும். அபராதம் வைத்திருக்கும் வங்கியாக இருந்தால் அங்கேதான் பிடிபடுவீர்கள். கம்பெனியை விட்டு நிற்கும் அன்றைக்கே வங்கிக்குப் போய், அடிப்படை சேமிப்புக் கணக்காக மாற்றச் சொல்லுங்கள். ஜன் தன் கணக்கு அந்த வகைதான். அதில் மினிமம் பேலன்ஸ் என்ற பேச்சே இல்லை, மாதத்தில் குறைந்தது நான்கு முறை இலவசமாகப் பணம் எடுக்கலாம். வாரத்துக்கு ஒரு முறை எடுத்தால் போதும். நூறு நூறாக எடுத்தால் இலவச எண்ணிக்கை தீர்ந்து கட்டணம் விழும், அதையும் மறக்காதீர்கள். ஒரு முறைக்கு 23 ரூபாய் வரை பிடிக்கலாம் என்று 2025 மே மாதத்திலிருந்து ஆக்கியிருக்கிறார்கள்.

இன்னொன்று, வாரக் கடன், குழுக் கடன் தவணையைச் சம்பளம் விழும் கணக்கிலிருந்தே தானாகப் பிடிக்கும்படி எழுதிக் கொடுக்காதீர்கள். சனிக்கிழமை விழுந்த கூலி ஞாயிற்றுக்கிழமை காலையில் பாதியாக இருந்தால், அதற்குக் காரணம் நீங்கள் என்றைக்கோ படிக்காமல் போட்ட அந்தக் கையெழுத்து. தவணைக்கு வேறு கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

"வீட்டுக்காரர் குடித்துவிடுவார், கவரில் வந்தால் ஒளித்து வைத்துக்கொள்வேன்" என்று ஒரு அக்கா சொன்னார். கவரை எங்கே ஒளித்தாலும் அவர் கண்டுபிடிப்பார் அக்கா. உன் பெயரில் கணக்கு, உன் நம்பருக்கு மெசேஜ், உன் மனதில் பின் நம்பர். இதைவிடப் பெரிய பூட்டு எந்த வீட்டிலும் இல்லை.

நான் வங்கியை வானத்துக்கு உயர்த்திப் பேசவில்லை. வங்கிக் கணக்கு என்ன தந்தார்கள் என்பதைத்தான் சொல்லும், என்ன தர வேண்டும் என்பதைச் சொல்லாது. பீஸ் ரேட்டில் வேலை செய்பவர்கள் எத்தனை டஜன் அடித்தோம், எந்த ஸ்டைல், என்ன ரேட், எவ்வளவு டேமேஜ் என்று கழித்தார்கள் என்பதைத் தினமும் ஒரு பாக்கெட் நோட்டில் எழுதி வைக்க வேண்டும். தேதி போட்டு எழுதுங்கள். உங்கள் நோட்டும் வங்கிப் பாஸ்புக்கும் பக்கத்தில் பக்கத்தில் வந்தால்தான் குறைவு எவ்வளவு என்று சொல்ல முடியும். சம்பளச் சீட்டையும் கேட்டு வாங்குங்கள். அதைத் தருவது முதலாளியின் கடமை.

கடைசியாகச் சட்டம். 2025 நவம்பர் 21 முதல் பழைய கூலிச் சட்டங்களுக்குப் பதிலாக ஊதியத் தொகுப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்திருக்கிறது. இந்தத் தொகுப்புச் சட்டத்தில் தொழிலாளிக்குப் பாதகமானவை பல இருக்கின்றன, தொழிற்சங்கங்கள் எதிர்த்துக்கொண்டுதான் இருக்கிறோம், இனியும் எதிர்ப்போம். ஆனால் எதிரியின் கையில் இருந்தாலும் நமக்குப் பயன்படுவதை எடுத்துப் பயன்படுத்தத் தெரிய வேண்டும். வாரக்கூலி என்றால் வார விடுமுறைக்கு முந்தைய கடைசி வேலை நாளில் தந்தாக வேண்டும். வேலையை விட்டு நின்றாலும், நிறுத்தினாலும், இரண்டு வேலை நாளுக்குள் கணக்கு முடிக்க வேண்டும். கூலி வரவில்லை என்று மனு போட முன்பு ஒரு வருடம்தான் அவகாசம், இப்போது மூன்று வருடம். கூலி தரவில்லை, குறைத்துத் தந்தார்கள் என்று தொழிலாளி மனுச் செய்தால், தந்துவிட்டேன் என்று நிரூபிக்கும் பொறுப்பு முதலாளியுடையது. நிலுவைக்கு மேல் பத்து மடங்கு வரை இழப்பீடு விதிக்க அதிகாரிக்கு அதிகாரம் இருக்கிறது.

நிரூபிக்கும் பொறுப்பு முதலாளியுடையது என்று சட்டம் சொன்ன பிறகும் அவர் எப்படித் தப்புவார்? நீங்கள் போட்டுக் கொடுத்த கையெழுத்தைக் காட்டித் தப்புவார். ரொக்கக் கூலியை இந்தச் சட்டமும் தடை செய்யவில்லை. நாணயம், நோட்டு, காசோலை, வங்கி வரவு, எதில் வேண்டுமானாலும் தரலாம் என்கிறது. ஆனால் அதே பிரிவில் ஒரு அதிகாரம் அரசாங்கத்துக்குக் கொடுக்கப்பட்டிருக்கிறது. இன்னின்ன நிறுவனங்களில் கூலியைக் காசோலையாகவோ வங்கிக் கணக்கு வழியாகவோ மட்டுமே தர வேண்டும் என்று அரசாணை போடலாம். அந்த அதிகாரத்தைத் தமிழ்நாடு அரசு பின்னலாடைத் தொழிலின் எல்லாப் பிரிவிலும் பயன்படுத்த வேண்டும் என்று கேட்கிறோம். ஏற்றுமதிக் கம்பெனிக்கு மட்டும் போட்டுவிட்டு நிறுத்தக் கூடாது. நிட்டிங், டையிங், காம்பாக்டிங், பிரின்டிங், எம்பிராய்டரி, ஜாப் ஒர்க்குக்குத் தைக்கும் பத்துப் பேர் யூனிட் வரைக்கும் வர வேண்டும். ஏனென்றால் ஆர்டர் எவ்வளவு கீழே இறங்குகிறதோ, அவ்வளவு கவர் கூலி அதிகமாகிறது. முழுக் கூலியும், ஓவர்டைமும், போனஸும், கம்பெனியின் கணக்கிலிருந்து தொழிலாளி தேர்ந்தெடுத்த வங்கியில் அவர் பெயரிலுள்ள கணக்குக்கு. கார்டும் பின்னும் செல்போன் நம்பரும் தொழிலாளியிடம். இதற்குக் குறைந்து எதையும் ஏற்க மாட்டோம்.

"சின்ன முதலாளிகளால் முடியாது" என்று சொல்கிறார்கள். நூல் வாங்கிய பணத்தை வங்கியில் அனுப்புகிறார், கரண்ட் பில்லை வங்கியில் கட்டுகிறார், ஜிஎஸ்டி கட்டுகிறார். அவ்வளவும் செய்யத் தெரிந்தவருக்கு ஒன்பது தொழிலாளிக்குக் கூலி அனுப்ப மட்டும் தெரியாது என்றால் நாம் நம்ப வேண்டுமா?

தோழர்களே, மனுவை அச்சடித்து மேடைக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறோம். போவதற்கு முன் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுங்கள். படிக்கத் தெரியாதவர்களுக்கு நம் தோழர்கள் வாசித்துக் காட்டுவார்கள், இந்தியிலும் வாசிப்பார்கள். திங்கட்கிழமை வங்கிக்குப் போய்ப் பாஸ்புக்கை அச்சடித்து வாங்குங்கள். வரவுக்கு நேரே கம்பெனி பெயர் இல்லாதவர்களும், பாதி கையில் வாங்குபவர்களும், கார்டு கான்ட்ராக்டரிடம் இருப்பவர்களும், அந்தப் பாஸ்புக்கோடு அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குச் சங்க அலுவலகத்துக்கு வாருங்கள். இந்தச் சனிக்கிழமை மேஜைக்கு முன்னால் நிற்கும்போது, தொகை எழுதாத கட்டத்துக்கு நேரே யாரும் கையெழுத்துப் போடாதீர்கள்.